ஆடாமல் இருக்கச் சொன்ன சூம் வகுப்புகள்

"சின்னப் பிள்ளையளுக்கு ஒன்லைன் வகுப்பு சரிவராது. அதுகள் ஒரு இடத்தில இருக்காதுகள்."

2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டின நாளில் இருந்து இந்த வசனத்தைக் கேட்டு வருகிறோம். கொரோனா அலை அலையாக வந்தபோது சொன்னார்கள். 2022 இல் பெற்றோலும் டீசலும் இல்லாமல் திரும்பவும் வீட்டில் இருந்து படிக்கச் சொன்னபோதும் அதையே சொன்னார்கள். ரீச்சர்மார் சொன்னார்கள், அம்மாமார் சொன்னார்கள், எங்கட வீட்டு அம்மம்மாமாரும் சொன்னார்கள். குற்றவாளி யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை: ஏழு வயதுப் பிள்ளை.

நாங்கள் இதை ஏற்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒரு இடத்தில் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த வயதுக்கு அதுதான் இயல்பு. பிழை, "கமராவை ஒன் பண்ணு, மைக்கை மியூட் பண்ணு, ஆடாமல் இரு" என்று மூன்று கட்டளைகளில் ஒரு வகுப்பைக் கட்டினவர்களில் இருக்கிறது. அந்தக் கட்டளைகள் வளர்ந்தவர்களின் கூட்டத்துக்கானவை. அவற்றை அப்படியே தூக்கி இரண்டாம் தரத்துக்குப் போட்டுவிட்டு, பிள்ளை குழப்படி என்று முறைப்பாடு செய்தோம்.

இத்தனைக்கும் இந்த நாட்டின் கல்விக் கொள்கை இப்படிச் சொல்லவே இல்லை. 1999 இல் நாடு முழுவதும் தரம் 1 இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், கற்பிக்கும் முறைகளை மூன்றாகப் பிரிக்கிறது: வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டு, செயற்பாடு, இருந்து எழுதும் வேலை. தரம் 1, 2 இல் முதன்மையானது விளையாட்டு. இருந்து எழுதும் வேலை ஆகக் குறைவாக இருக்க வேண்டும். வகுப்பறையில் இருபது வருடத்துக்கு மேலாக ஏற்றுக்கொண்ட விடயம் இது. போன் திரை வந்தவுடன் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. விளையாட்டு போனது, செயற்பாடு போனது, மிஞ்சினது இருந்து எழுதுகிறது மட்டும்.

சரி, விளையாட்டைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் எங்கட இரண்டாவது சண்டை. அது எங்களோடயே போட வேண்டிய சண்டை.

2020 இல் உயர்தரம் எழுதிவிட்டு, 2021 இல் பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை வீட்டில் இருந்தோம். யூலையில் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகினார்கள். அவர்களின் கோரிக்கை நியாயமானது, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊரில் சின்னதுகள் சும்மா இருந்தன. வடமராட்சியில் எங்கட சனசமூக நிலையத்துப் பெடியள், பெட்டையள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டாம் தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் ஆறரைக்கு ஒரு சூம் வகுப்புத் தொடங்கினோம். ஆறரை ஏனென்றால், அப்பா வேலையால் வந்தால்தான் வீட்டில் போன் இருக்கும். பெயர் கொடுத்தது பதினெட்டுப் பேர். ஒழுங்காக வந்தது பதினொரு பேர். இலவசக் கணக்கு என்பதால் நாற்பது நிமிடத்தில் தானாகவே அறுந்துவிடும்.

முதல் கிழமை எங்களுக்குத் தெரிந்த விளையாட்டுகளை விட்டோம். இணையத்தில் எல்லோரும் சொல்கிற விளையாட்டுத்தான் முதலில்: "சிவப்பு நிறத்தில ஒரு சாமான் கொண்டு வாங்கோ, முதல் வாறவருக்கு ஒரு புள்ளி!" பிள்ளைகள் ஓடினார்கள். பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை சார்ஜ் வயரில் கால் தடக்கி, போன் குப்புற விழுந்தது. ஒரு பிள்ளை அம்மம்மாவின் மருந்துப் போத்தலோடு வந்தது. இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை, முற்றத்தில் நின்றுவிட்டார்கள். எல்லோரையும் சேர்த்து எடுக்க ஐந்து நிமிடம் போனது. பிறகு கொப்பியைத் திறக்கச் சொன்னால் யார் திறப்பார்கள்?

அதைவிட மோசமானது புள்ளி. ஒரு பெடியன் ஒவ்வொரு நாளும் "நான் முதலே கொண்டந்திட்டன் ரீச்சர்" என்று அழுதான். நாங்கள் அவன் பொய் சொல்கிறான் என்றே நினைத்தோம். அவன் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான். அவன் சாமானைத் தூக்கிக் காட்டி மூன்று செக்கனுக்குப் பிறகுதான் அந்தப் படம் எங்களுக்கு வரும். அதற்குள் பைபர் இணைப்பு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் புள்ளி கொடுத்து முடித்திருப்போம். எவர் வீட்டில் நல்ல இணைப்பு இருக்கிறது என்பதற்குத்தான் அந்தக் கிழமை முழுக்கப் பரிசு கொடுத்திருக்கிறோம்.

அடுத்தது, சொன்னதைச் செய்யும் விளையாட்டு. "ரீச்சர் சொல்லுறா, கையைத் தூக்கு" என்றால் தூக்க வேண்டும். "ரீச்சர் சொல்லுறா" இல்லாமல் சொன்னதைச் செய்தால் அவுட். வகுப்பறையில் அவுட்டான பிள்ளை சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டு பார்க்கும். வீட்டில் அவுட்டான பிள்ளை எழும்பிப் போய்விடும். முதலில் அவுட் ஆவது யார்? கவனிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை. அதாவது பயிற்சி ஆகக் கூடத் தேவைப்படுகிற பிள்ளையை ஆக முதலில் வெளியே அனுப்பினோம். படம் உறைந்து நின்ற ஒரு பிள்ளையை "அசையேல்ல" என்று அவுட் ஆக்கின கூத்தும் நடந்தது.

பாட்டாவது பாடுவோம் என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு வீட்டுச் சத்தமும் ஒவ்வொரு தாமதத்தில் வருவதால் சேர்ந்து பாடுவது சூமில் நடக்காது. கைதட்டினால், அதை வீட்டு இரைச்சல் என்று நினைத்துச் செயலி பாதியை அமுக்கிவிடும்.

ஆனால் இதெல்லாம் சின்ன விடயம். எங்களை நிறுத்தினது வேறொரு சம்பவம். இரண்டாவது கிழமை, ஒரு சொல்லைக் கேட்டு விடை சொல்லும் போட்டி. ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னது. நாங்கள் பெயரைச் சொல்லி, சிரித்துக்கொண்டுதான், "ஐயோ, பிழை!" என்றோம். திரையின் ஓரத்தில் இருந்து ஒரு கை வந்து பிள்ளையின் தலையில் விழுந்தது. பிறகு கமரா நின்றுவிட்டது.

அந்தக் கையை மட்டும் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. வகுப்பறையில் பிழை விட்டால் அது ரீச்சருக்கும் பிள்ளைக்கும் இடையில் முடிந்துவிடும். சூமில் பதினொரு வீட்டுச் சனமும் பின்னால் நின்று பார்க்கிறது. புள்ளியும் வெற்றியும் பெயரும் சேர்ந்தவுடன் அது விளையாட்டு அல்ல, ஊர் பார்க்கிற பரீட்சை. அந்தப் பரீட்சையை வீட்டுக்குள் கொண்டுபோனது நாங்கள்தான்.

அன்றிரவு ஐந்து பேரும் வட்ஸ்அப்பில் சண்டை பிடித்து முடித்தபோது ஒரு கேள்விதான் மிஞ்சியது: விளையாட்டு எதற்கு? பிள்ளை அலுக்காமல் இருக்க என்றால் கார்ட்டூன் போட்டுவிடலாமே. பாடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் குதிக்கவிட்டு, பிறகு பழையபடி "ஆடாமல் இரு" என்றால், அது கசப்பு மருந்துக்குச் சீனி தடவுகிற வேலை. பிள்ளை உடம்பால் செய்வதே பாடத்தின் விடையாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். அசைவைப் பார்த்தால், பிள்ளைக்கு விளங்கினதா இல்லையா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

குறில், நெடில் பாடத்தை எடுத்தோம். கல் – கால், படம் – பாடம், விடு – வீடு, முடி – மூடி, எடு – ஏடு, கொடி – கோடி. சொல்லின் முதல் எழுத்து குறில் என்றால் பாயில் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு இருக்க வேண்டும். நெடில் என்றால் முழங்காலில் நிமிர்ந்து இரண்டு கையையும் மேலே நீட்ட வேண்டும். முதலில் எழும்பி நிற்கத்தான் சொன்னோம். போன் சீனிப் பேணியில் சாய்ந்து இருப்பதால் எழும்பினால் தலை போய்விடும், வயிறுதான் தெரியும். அதனால் முழங்கால். முழு விளையாட்டும் ஒரு பாயின் அளவுக்குள். ஓட்டம் இல்லை, வயர் இல்லை, பக்கத்து அறையில் நித்திரை கொள்ளும் குழந்தைக்கும் தொந்தரவு இல்லை.

வேகத்தை முற்றாக எடுத்தோம். சொல்லைச் சொல்லிவிட்டு, ஐந்து விரலைக் காட்டி ஒவ்வொன்றாக மடக்குவோம். கடைசி விரல் மடங்கினதும் எல்லோரும் சிலை. "சரி" என்று சொல்லும் வரைக்கும் அசையக்கூடாது. ஐந்து செக்கன் இருந்தால் ஒரு கோட்டுச் சிக்னல் பிள்ளையின் படமும் வந்து சேர்ந்துவிடும். சிலையாக நிற்பது பிள்ளைகளுக்கு ஓடுவதை விடப் பிடித்தது என்பது எங்களுக்கே ஆச்சரியம். ஆடாமல் இரு என்று கட்டளையிட்டபோது இருக்காத அதே பிள்ளை, சிலை என்றவுடன் மூச்சையும் பிடித்துக்கொண்டு இருந்தது.

பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். அப்போது போனில் சூமைத் திறந்தால் ஒரு பக்கத்தில் நாலு முகம்தான் தெரிந்தது. சொல்லிக்கொடுப்பவர் பதினொரு பேரையும் பார்க்க முடியாது. ஆகவே ஒருவர் சொல்ல, இன்னொருவர் மடிக்கணினியில் எல்லோரையும் பார்த்துக் கொப்பியில் குறித்தார். பிழை விட்டவரின் பெயரைச் சொல்வதில்லை, புள்ளி இல்லை, அவுட் இல்லை. நாலு பேர் பிழை என்றால் அதே சோடியை மூன்று சொல்லுக்குப் பிறகு திரும்பவும் கேட்போம். அவ்வளவுதான்.

முதல் நாள் எல்லோரும் சரி. எங்களுக்குப் புழுகம். ஆனால் குறித்துக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கவனித்தார்: எல்லோரும் ஒன்றாக அசையவில்லை. முதலில் இரண்டு பேர் நிமிர்கிறார்கள், பிறகு மற்றவர்கள் ஒரு அலை மாதிரி. அவர்கள் சொல்லைக் கேட்கவில்லை, பக்கத்துப் பெட்டியில் உள்ள பிள்ளையைப் பார்த்துச் செய்கிறார்கள். அடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னோம். கண்ணை மூடினதும் வகுப்பின் உண்மை நிலை வெளியே வந்தது. கல் – கால் எல்லோருக்கும் சரி. எடு – ஏடு, கொடி – கோடி என்று வந்ததும் பதினொரு பேரில் ஐந்து பேர் பிழை. முந்தின கிழமை இதே ஐந்து பேரிடம்தான் "விளங்கினதா?" என்று கேட்டோம். "ஓம் ரீச்சர்" என்று தலையாட்டினார்கள். எல்லோருடைய கமராவும் ஒன்தான். ஆனாலும் எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இணைப்பு இழுபடும்போது சத்தமும் இழுபடும். குறில் நெடில் மாதிரிக் கேட்கும், நெடில் வெட்டுப்பட்டுக் குறில் ஆகும். குறில் நெடில் பாடத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. அதனால் சொல்லை இரண்டு தரம் சொல்லி, பிறகு ஒரு வசனத்திலும் வைத்தோம்: "கொடி. கொடி. கம்பத்தில கொடி பறக்குது." பிழை யாருடையது என்று பிரிக்கவும் ஒரு வழி கண்டோம். ஒரு பிள்ளை அன்று எல்லாச் சோடியிலும் தடுமாறினால், படமும் உறைந்து உறைந்து வந்தால், அது சிக்னலின் பிழை. மற்றதெல்லாம் சரியாக இருந்து ஒ, ஓ வில் மட்டும் தடுமாறினால் அது கற்றுக்கொடுக்க வேண்டிய இடம். கமராவுக்கு டேட்டா காணாத பிள்ளைகளிடம், முறை வரும்போது மைக்கைத் திறந்து "குறில்" அல்லது "நெடில்" என்று வாயால் சொல்லச் சொன்னோம்.

பத்து நிமிடம் இப்படி. அடுத்த ஐந்து நிமிடம் பிள்ளைகளே சொல் சொல்வார்கள், நாங்கள் சுருண்டு நிமிர வேண்டும். நாங்கள் வேண்டுமென்றே பிழை விட்டால் பிடிப்பதில் அவர்களுக்கு இருந்த புழுகத்தைச் சொல்லி முடியாது. கடைசிப் பத்து நிமிடம்தான் எழுத்து. கேட்ட சொல்லைப் பெரிதாக எழுதிக் கமராவுக்குக் காட்ட வேண்டும். இங்கே ஒரு பிள்ளை சரியாக எழுதிவிட்டு, காட்டிவிட்டு, அழித்து அழித்துத் திரும்ப எழுதியது. ஏனென்று விளங்க இரண்டு நாள் எடுத்தது. எங்கட படம் எங்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித்தான் திரையில் தெரியும். தன் எழுத்து இடம் வலம் மாறித் தெரிவதைப் பார்த்து, தான் பிழையாக எழுதிவிட்டதாக அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. "உனக்கு மட்டும்தான் அப்பிடித் தெரியும், எங்களுக்கு நேராத் தெரியுது" என்று முதலே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தோம். நாற்பது நிமிடம் கிடைக்கிறது என்பதற்காக நாற்பதையும் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மூன்றாவது கிழமை முடிவில் அந்த ஐந்து பேரில் மூன்று பேர் எடு – ஏடு வைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார்கள். இரண்டு பேருக்கு இன்னும் வரவில்லை. அந்த இருவரோடும் தனியாகப் போனில் கதைத்துச் செய்தோம். அடி வாங்கின பிள்ளை நாலு நாள் வரவில்லை. பிறகு வந்தது, கமரா இல்லாமல். ஒரு நாள் கமராவைத் திறந்தது. பின்னால் அம்மாவும் பாயில் இருந்து நெடிலுக்குக் கையைத் தூக்கினா.

இப்போது எங்களுக்கு வரும் எதிர்ப்புகள். "இப்பிடி விளையாடினால் சிலபஸ் எப்ப முடியும்?" ஆறு சோடிச் சொல்லுக்கு மூன்று கிழமையா என்று கேட்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: முடிந்தது என்று நீங்கள் சொல்லும் சிலபஸ் யாருக்கு முடிந்தது? ஒளிப்படமாக வட்ஸ்அப்பில் வந்த நாற்பது பக்கப் பயிற்சியை இரவு பதினொரு மணிக்கு எழுதி முடித்தது எந்தப் பிள்ளை, எந்த அக்கா? தரம் ஐந்து புலமைப்பரிசிலை இரண்டாம் தரத்திலேயே நினைத்துப் பயப்படுகிறவர்கள், கொடிக்கும் கோடிக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை அந்தப் பரீட்சைத் தாளை எப்படி வாசிக்கும் என்று ஒருக்கா யோசிக்க வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பு உண்மையானது: ஒரு ரீச்சருக்கு முப்பத்தைந்து பிள்ளை, உதவிக்கு ஆள் இல்லை, டேட்டாக் காசும் அவருடைய கைக்காசு. ஓம். பதினொரு பேருக்கு ஐந்து பேர் நின்ற எங்கட வசதி அவருக்கு இல்லை. அப்படியென்றால் முப்பத்தைந்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் இருபத்தைந்து நிமிடம் கொடுக்க விடுங்கள். அதற்கு டேட்டா கொடுங்கள். பார்த்துக் குறிக்க ஊரில் உயர்தரம் முடித்து இருக்கிற எங்களைக் கூப்பிடுங்கள். இதைக் கேட்காமல், ஒரு மணித்தியாலம் முப்பத்தைந்து கறுப்புப் பெட்டிகளைப் பார்த்துப் பேசச் சொல்லிவிட்டு, அதற்கு வருகைப் பதிவும் கேட்ட நிர்வாகத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

போன் இல்லாத வீட்டுக்கு எந்த விளையாட்டும் போகாது என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கட பட்டியலில் பெயர் கொடுத்து வராமல் போன ஏழு பேருக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறோம்.

ஆனால் வந்த பதினொரு பேரும் ஒரு விடயத்தை எங்களுக்குக் காட்டித் தந்தார்கள். அடுத்த தடவை வெள்ளமோ, தட்டுப்பாடோ, நோயோ பாடசாலையைப் பூட்டும்போது, அந்தப் பழைய வசனத்தோடு யாராவது வருவார்கள். "அதுகள் ஒரு இடத்தில இருக்காதுகள்." அப்போது அவர்களிடம் கேளுங்கள்: ஏன் இருக்க வேண்டும்?